“இந்த” என்று தொடங்கிய முப்பத்தொரு வரிகள்

மைத்துனன் ஃபைல்காரரை மாடிப்படிப் பக்கம் தனியாக ஒதுக்கிக்கொண்டு போனபோதே விஷயம் நல்லதல்ல என்று தெரிந்துவிட்டது. பக்கத்துக்கு எண் போட்டு, நாடா கட்டி வைக்காமல் ஒரு தாளையும் கையிலிருந்து விடமாட்டார் என்பதால் ஸ்டுடியோவில் அவருக்கு அந்தப் பெயர். மைத்துனன் எடுத்திருந்தது வெள்ளநீரை வெளியேற்றும் பம்ப் நிலையத்தைப் பற்றிய பன்னிரண்டு நிமிட ஆவணப்படம். உரை எழுதியவர் ஃபைல்காரர். முந்தின நாள் அதை வாசித்துப் பதிவு செய்தவள் ஃபைல்காரரின் மனைவி, மைத்துனனுக்குக் கூடப்பிறந்த அக்கா. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பிறகு, பதினாறு வருஷம் கழித்து அவள் மைக் முன் உட்கார்ந்தது இதற்குத்தான்.

“அக்கா குரல் ஒரே மட்டமா போகுது மாமா. கேக்கறவன் ரெண்டாவது நிமிஷத்துல கொட்டாவி விட்டுடுவான். மூணு மணிக்கு வேற ஒரு பொண்ண வரச் சொல்லியிருக்கேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது.”

ஃபைல்காரர் தலையை ஆட்டிவைத்தார். ஆட்டிவிட்டு அவளைத் தேடி நடந்தார்.

ஒலிப்பதிவு அறையில் மனைவி தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். குடையை இரவல் வாங்கிப்போய்த் தொலைத்துவிட்ட தங்கை. கெஞ்சலில் ஆரம்பித்து, மிரட்டலுக்கு ஏறி, நடுவில் நிறுத்தி, சிரிப்பில் வந்து இறங்கினாள். கண்ணாடிக்கு இந்தப்புறம் ஒலிப்பதிவாளர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“இந்தக் குரலா சார் ஒரே மட்டமா போகுது?” என்றார் அவர். மைத்துனன் அவரிடமும் குறை சொல்லியிருந்தான். நேற்றைய பதிவின் ஒலி அலையைத் திரையில் காட்டினார். ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில், வேலிக்கம்பு நட்ட மாதிரி வரிசையாக மேடுகள்.

ஃபைல்காரர் தன் உரைத்தாள்களின் நாடாவை அவிழ்த்தார். ஒரு வெள்ளைத்தாளில் ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே வந்தார். ‘இந்த நிலையத்தில்’. ‘இந்த மோட்டார்கள்’. ‘இந்தக் குழாய்’. ‘இந்த ஊழியர்’. முப்பத்தெட்டு வாக்கியங்களில் முப்பத்தொன்று ‘இந்த’. காட்சிப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காட்சிக்கு ஒரு வாக்கியமாக, திரையில் தெரிவதையே சுட்டிக்காட்டி எழுதியிருந்தார். நீளமும் அநேகமாக ஒன்றுதான். முப்பத்தொரு தடவை ஒரே படியில் காலை வைக்கச் சொல்லிவிட்டு, ஏன் ஏறவில்லை என்று கேட்டால் அவள் என்ன செய்வாள்?

மணி பதினொன்று. திருத்த உட்கார்ந்தார். சில வாக்கியங்களைக் காலத்தில் தொடங்கினார், சிலவற்றை இடத்தில், ஒன்றைக் கேள்வியாக்கினார். ஒலிப்பதிவாளர் வாசித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“தொப்பிதான் மாறியிருக்கு சார். தலை அதேதான். எல்லாரையும் எல்லா இடத்துலயும் பாராட்டிக்கிட்டே இருக்கீங்க.”

குத்தலாகத்தான் இருந்தது, ஆனால் சரி. ஃபைல்காரர் ஓரத்தில் கோடு கிழித்து, ஒவ்வொரு பத்திக்கும் எதிரே கேட்பவர் மனசு எப்படி இருக்கவேண்டும் என்று எழுதினார்: அலட்சியம், சந்தேகம், பயம், கொஞ்சம் சிரிப்பு, நிம்மதி. அதற்குத் தகுந்தபடி மறுபடி எழுதினார். படம் ஏற்கெனவே வெட்டி முடித்தது, ஒரு நொடிகூட நீளாது. ஆகவே கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுப்பாக வாசித்து, மிஞ்சிய சொற்களை அடித்தார்.

‘இந்த ஊழியர் மோட்டாரைப் பரிசோதிக்கிறார்’ என்றிருந்த இடம் இப்படி ஆயிற்று:

‘மூன்றாம் நாள். நான்காவது மோட்டாரின் சத்தம் மாறியது. திருப்புளியின் நுனியை அதன்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்கிறார். முழங்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது.’

அதற்கப்புறம் ஆறு நொடி ஒன்றுமே எழுதவில்லை. மோட்டார் பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

இரண்டு மணிக்கு மைத்துனனிடம் போய் முதல்சொல் பட்டியலை நீட்டினார். “தப்பு என்னுது மாப்ளே. காலையில தலையாட்டினதும் தப்புதான். ஒரு தடவை வாசிக்க விடு, அப்புறம் உன் இஷ்டம்.” மைத்துனன் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தான். பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு மனைவியிடம் புதுத்தாளைக் கொடுத்து, காலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டுக்கொண்டாள். பென்சிலால் இரண்டு இடங்களில் மூச்சுக்குக் கோடு போட்டாள்.

முதல் வரியை நாலு பேர் அலட்சியமாக அரட்டை அடிக்கிற தொனியில் எடுத்தாள். மூன்றாம் நாளுக்கு வந்தபோது குரல் தாழ்ந்தது. ‘தண்ணீர் வந்துவிட்டது’ என்று நிறுத்தினாள். அந்த ஆறு நொடியும் கண்ணாடிக்கு இந்தப்புறம் ஒருவரும் அசையவில்லை. மைத்துனன் மெதுவாக எழுந்து, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். இன்றைக்கு வரவேண்டாம், வேறு வேலைக்குக் கூப்பிடுகிறேன் என்று அவன் சொல்வது கதவிடுக்கில் கேட்டது.

கடைசி வரியை முடித்த மனைவி காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு, மைக்கிலேயே சொன்னாள்:

“நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா தலையாட்டினீங்களே, அதுக்கு வீட்ல தனியா பேசிக்கிறேன்.”