வளைகாப்புக்கு ஒரு ஜோடி

உக்கடத்தில் வாங்கிய செருப்பைச் செல்லாத்தாள் மேசைமேல் வைத்தாள். பளபளவென்று தங்க நிற வார்.

"தம்பி, இதுக்குள்ள அந்த மெத்து ரப்பரை வெச்சுக் குடுங்க."

தொழுநோய் மருத்துவமனையின் செருப்புக் கூடத்தில் கிளமென்ட் பல வருடமாக வேலை செய்கிறவன். செருப்பைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான்.

"இதைப் போட்டுட்டா நடந்து வந்தீங்க?"

"பஸ் ஸ்டாண்டுல இருந்துதான். கிச்சுனு இருந்துச்சு. கால் இருக்கறது தெரிஞ்சுது தம்பி, எத்தனை காலத்துக்கு அப்புறம்!"

அவன் புறங்கையை அவள் பாதத்தில் ஒத்தி ஒத்திப் பார்த்தான். பெருவிரலுக்குக் கீழே பழைய தழும்பு சிவந்து, மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தது. நோய் மருந்தில் போய்விட்டது. செத்த நரம்பு மட்டும் திரும்பவில்லை.

"மரத்த காலுக்குத் தெரியற அளவு இறுக்குனா அது நசுக்குதுன்னு அர்த்தமுங்க. இன்னுங் கொஞ்சம் நடந்திருந்தா புண்ணு. மறுபடி கட்டுப் போட்டுட்டுப் படுக்கோணும். இதுக்குள்ள ரப்பரை நுழைச்சா காலுக்கு இடமேதுங்க? அடியில ஆணி வேற."

"இங்க குடுத்த கறுப்புச் செருப்பைப் பார்த்தாலே என்ற நோவு என்னன்னு எல்லாத்துக்கும் தெரிஞ்சுபோகுதே."

ஆனைமலையில் மகள் மோகனப்பிரியாவுக்கு வளைகாப்பு. கட்டிக்கொடுத்த நாள்முதல் செல்லாத்தாள் சம்பந்தி வீட்டுப் படி ஏறியதில்லை. மகள் கையில் வளையல் போட வேண்டும், அவ்வளவுதான். 'அந்தக் கறுப்புச் செருப்பு மட்டும் வேண்டாம்மா' என்று மகளே கேட்டுக்கொண்டாள்.

"பழுப்பு வாரு போட்டுப் புதுசாவே செஞ்சு தாரேன். ஆணியில்லாம ஒட்டித் தைக்கறது. பார்த்தா கடைச் செருப்பாட்டத்தான் இருக்கும்" என்றான் கிளமென்ட். "ஆனா வாசல்ல கழட்டப்படாது. கல்லுத்தரை இந்தத் தழும்புக்கு ஆகாது."

செருப்போடு யார் விசேஷ வீட்டுக்குள் போவார்கள்? செல்லாத்தாள் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, உள்ளாறயும் செருப்புப் போட்டுட்டுத்தான் வருவேன். வரட்டுமா?"

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடும் சத்தம். யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

"சேர் போட்டு ஓரமா உட்கார்ந்துக்கறீங்களாம்மா? சேலை மறைச்சுக்கும்."

"வளையல் போடோணும்னா உன்ற கிட்ட நடந்து வரோணுமே, சாமி."

மிக்ஸி நின்றது.

"எந்திரிச்சு உங்ககிட்ட நான் வாரேன்மா" என்றாள் மெதுவாக. "அத்தை கேட்டா சொல்லிக்கறேன்."

என்னவென்று சொல்வாள் என்று செல்லாத்தாள் கேட்கவில்லை. கிளமென்ட் தரையில் காகிதம் விரித்துப் பென்சிலோடு குந்தியிருந்தான். அவள் எழுந்து அதன்மேல் நின்றாள். பென்சில் குதிகாலைச் சுற்றிப் போவதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். போன் இன்னும் காதிலேயே இருந்தது. மகளும் வைக்கவில்லை.