நோட்டீசில் இல்லாத வரி

கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த அந்த மஞ்சள் நோட்டீசை நாகேஸ்வரி மூன்று தரம் வாசித்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க முடிந்தது. ஆனால் நோட்டீஸ் தெளிவாக இருந்தது.

"கதிர்காமம் ஆடிவேல் தீர்த்த யாத்திரை. யூலை 20 காலை ஆறு மணிக்குக் கிளிநொச்சியிலிருந்து புறப்பாடு. யூலை 27 மாலை திரும்புதல். வழியில் முன்னேஸ்வரம், கொழும்பு தரிசனம். ஒருவருக்கு ரூபா 55.

கட்டணத்தில் அடங்குபவை: பஸ் பயணம், மூன்று வேளை சைவ உணவு, மடங்களில் தங்குமிடம், கோயிலுக்கு ஒரு பொது அர்ச்சனை. அடங்காதவை: தனி அர்ச்சனை, காவடி வாடகை, மருந்து, சொந்தச் செலவுகள்.

பதியும்போது ரூபா 15. யூன் 20க்கு முன் ரூபா 20. மீதி ரூபா 20 யூலை 10க்கு முன். அதன் பின் விலகுவோருக்குப் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது. ஆசனங்கள் ரசீது இலக்க ஒழுங்கில்."

கீழே பரமலிங்கத்தின் பெயரும் புகையிரத நிலைய வீதி முகவரியும் இருந்தன.

அறுபத்து நாலாம் ஆண்டு அது. நாகேஸ்வரியும் புருஷன் தவராசாவும் உருத்திரபுரம் குடியேற்றத்துக்கு வந்து பதின்மூன்று வருஷமாகிவிட்டது. அரசாங்கம் தந்த மூன்று ஏக்கர் வயல், மேட்டுக் காணி ஒரு துண்டு. தவராசாவின் தகப்பன் சாவகச்சேரிப் பக்கம் பனை ஏறியவர். தவராசா ஒரு மரத்திலும் ஏறியதில்லை. வாய்க்கால் தண்ணீர் வரிசைப்படி எல்லாருடைய வயலுக்கும் ஒன்றுபோலத்தான் பாய்ந்தது. அதனால் அவர்கள் பழைய ஊரின் கதைகளை மெல்ல மறந்துகொண்டிருந்தார்கள்.

போன மாரியில் அவர்களுடைய மகள் நெருப்புக் காய்ச்சலில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிள்ளை எழும்பினால் புருஷனும் தானுமாகக் கதிர்காமத்துக்கு வருவதாக நாகேஸ்வரி நேர்ந்திருந்தாள். பிள்ளை எழும்பிவிட்டது. மாசி அறுவடையும் பொய்க்கவில்லை.

பரமலிங்கத்தின் கந்தோர் ஒரு கடையின் முன் அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, சுவரில் வேலோடு ஒரு கலண்டர். ரசீது எழுதுவது அவருடைய மனைவி கமலாசனி. நோட்டீசின் வாசகத்தை எழுதியதும் அவாதான். எஸ்.எஸ்.சி. வரை படித்தவர். முந்திய வருஷம் வேறொருவருடைய யாத்திரையில் சாப்பாடு உண்டா இல்லையா என்று நடுவழியில் சண்டை வந்ததாம். அதனால்தான் அடங்குபவை, அடங்காதவை என்று பிரித்து எழுதினேன் என்று கமலாசனி நாகேஸ்வரியிடம் சொன்னார். பதினேழாம், பதினெட்டாம் இலக்க ரசீதுகளை எழுதி, ஒரு நோட்டீசோடு கொடுத்தார். யூன் மாதத்தில் இரண்டாம் தவணையும் கட்டியாயிற்று.

யூலை எட்டாம் திகதி கடைசித் தவணையோடு போனபோதுதான் பரமலிங்கம் ஒரு மாதிரிக் கதைத்தார். தவராசாவைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற தலைமைக் கிளாக்கர் சிற்றம்பலம் குடும்பத்தோடு எட்டு ஆசனம் எடுத்திருக்கிறார் என்றும், அவர் வந்து பெயர்ப்பட்டியலைப் பார்த்தார் என்றும், இவர்கள் எந்த ஊர் ஆட்கள் என்று விசாரித்தார் என்றும் சுற்றி வளைத்துச் சொன்னார். பிறகு விஷயத்துக்கு வந்தார். இரண்டு பேரும் பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் இருந்துகொள்ளலாம். சாப்பாட்டுக்குப் பந்தியில் வராமல் தங்கள் பாட்டில் சமைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டுக்கான காசை, ஆளுக்குப் பதினெட்டு ரூபாவை, அவர் கழித்துவிடுவார்.

"நட்டம் உங்களுக்கில்லைத்தானே," என்றார்.

தவராசா நிலத்தைப் பார்த்தான். அவனுடைய காது மடல் சிவந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விடுவான் என்று நாகேஸ்வரிக்குத் தெரிந்தது. அவனுடைய தகப்பனும் அப்படித்தான் தலையாட்டியிருப்பார். அந்த நினைப்புத்தான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. மடியிலிருந்து நோட்டீசை எடுத்து மேசையில் விரித்தாள்.

"இதில எங்கை எழுதியிருக்கு எண்டு காட்டுங்கோ," என்றாள்.

"எல்லாத்தையும் எழுதேலுமே, பிள்ளை? சில விசயம் எழுதாமலே விளங்க வேணும்."

"காவடி வாடகை சேராது எண்டு எழுதியிருக்கிறியள். மருந்து சேராது எண்டு எழுதியிருக்கிறியள். நாங்கள் சேரமாட்டம் எண்டு ஏன் எழுதேல்லை? எழுதியிருந்தால் முப்பது ரூபாவோட அண்டைக்கே திரும்பியிருப்பன். என்ரை காசை ரெண்டு தரம் வாங்கேக்கை உங்களுக்கு விளங்கேல்லையோ?"

நாகேஸ்வரி நாற்பது ரூபாவையும் நோட்டீசின்மேல் வைத்தாள். ரசீது வேண்டும் என்றாள். பரமலிங்கம் காசைத் தொடாமல் மனைவியைப் பார்த்தார். எழுதாதே என்பதுதான் அந்தப் பார்வை. கமலாசனி பேனையைக் கையில் எடுத்தார். அவாவுக்கும் முகம் கறுத்துப் போயிருந்தது. பிறகு, முழுக் கட்டணமும் செலுத்தப்பட்டது என்று இரண்டு ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

மூன்று நாள் கழித்துச் சங்கக்கடைச் சுவரில் பழைய நோட்டீசுக்கு மேலே புதிய நோட்டீஸ் ஒட்டப்பட்டிருந்தது. எல்லாம் முன்போலத்தான். அடியில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: "ஆசன ஒழுங்கும் பந்தி ஒழுங்கும் நிர்வாகத்தின் தீர்மானப்படி."

அரிசி வாங்க வந்த நாகேஸ்வரி அதைப் பார்த்து அப்படியே நின்றாள். காசு முழுவதையும் வாங்கிய பிறகு எழுதுகிறார்கள். அதையும் துணிந்து எழுதவில்லை. ஆரை ஒதுக்குகிறோம் என்று சொல்லாமல், நிர்வாகம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளித்து எழுதுகிறார்கள். வீட்டுக்கு வந்து தவராசாவிடம் சொன்னாள். நேர்த்தியை அடுத்த வருஷம் தனியாகப் போய்ச் செய்யலாமே என்றான் அவன். சண்டை பிடித்துக்கொண்டு சாமி கும்பிடப் போவது சரியில்லை என்றும் சொன்னான். அவள் அன்று முழுவதும் அவனோடு கதைக்கவில்லை. மாலையில் அவன் தானாகவே பெட்டியை இறக்கித் தூசி தட்டினான்.

யூலை இருபதாம் திகதி மகளை அயல்வீட்டில் விட்டுவிட்டு, விடிய ஐந்தரைக்கே இருவரும் போய்ப் பதினேழாம், பதினெட்டாம் ஆசனங்களில் ஏறி இருந்துவிட்டார்கள். நாகேஸ்வரி கூறைச் சேலை உடுத்திருந்தாள். மற்றவர்கள் ஏறினார்கள். சிலர் பார்த்தும் பாராததுபோல இருந்தார்கள். சிற்றம்பலம் ஏறியதும் நடுவில் நின்றார். அவருடைய ஆசனம் பத்தொன்பது. அவர்களோடு கதைக்காமல் பரமலிங்கத்தைக் கூப்பிட்டு, தனக்குச் சொன்ன ஒழுங்கு இதுவல்ல என்றார்.

பரமலிங்கம் தவராசாவின் பக்கம் குனிந்து, பின்னுக்குப் போய் இருக்கும்படி மெதுவாகக் கேட்டார். புதிய நோட்டீசைப் பற்றியும் சொன்னார். நாகேஸ்வரி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். இந்த முறை பேச வேண்டியது அவன்.

தவராசா சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்தான்.

"இது எட்டாந் திகதி எழுதினது. உங்கடை புது நோட்டீஸ் பதினோராந் திகதி ஒட்டினது. நான் எழும்பமாட்டன்," என்றான். முன் ஆசனத்தின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

சிற்றம்பலம் தன் ஆட்களை இறங்கச் சொன்னார். எட்டுப் பேரும் பெட்டிகளோடு இறங்கினார்கள். முழுக் காசையும் இப்போதே தரவேண்டும் என்று பஸ் வாசலில் நின்று கேட்டார். ஆறு மணி கடந்துவிட்டது. சாரதி சலித்துப்போய், தன் தாளில் நாற்பது பேர், ஆறு மணி என்றுதான் இருக்கிறது, நிற்கிற நேரத்துக்கும் வாடகை ஏறும் என்றான்.

பரமலிங்கத்திடம் காசு இல்லை. எட்டுப் பேரின் காசு ஏற்கெனவே பஸ்ஸுக்கும் மடத்துக்கும் அரிசி காய்கறிக்கும் போய்விட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவரைக் கடந்து, வழியனுப்ப வந்த கமலாசனி முன்னுக்கு வந்தார்.

"பத்தாந் திகதிக்குப் பிறகு விலகினால் காசு திருப்பேலாது, ஐயா. ரெண்டு நோட்டீசிலயும் அந்த வரி இருக்கு. அவையள் தங்கடை இடத்தில இருக்கினம். விலகிறது நீங்கள்தான்."

சிற்றம்பலம் அவாவை ஏற இறங்கப் பார்த்தார். பெண்பிள்ளையை விட்டுப் பேச வைக்கிறாயா என்று பரமலிங்கத்தைக் கேட்டார். பரமலிங்கம் மனைவி சொன்னதற்குத் தலையாட்டினார். காசு என்று வந்தபோது அவருக்கும் எழுதியது எழுதியதுதான் என்று நாகேஸ்வரி நினைத்துக்கொண்டாள். அவளுக்கு எரிச்சல்தான் கூடியது.

கடைசியில் சிற்றம்பலமும் அவர் மனைவியும் நின்றுவிட்டார்கள். மற்ற ஆறு பேரும் ஒவ்வொருவராகத் திரும்ப ஏறினார்கள். இரண்டு வெற்று ஆசனங்களோடு பஸ் புறப்பட்டது.

முன்னேஸ்வரத்து மடத்தில் மத்தியானச் சாப்பாடு. முதல் நாளே போயிருந்த சமையல்காரர் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் ஆக்கி வைத்திருந்தார். வாழையிலை போட்டார்கள். நாகேஸ்வரியும் தவராசாவும் நடுவில் இருந்தார்கள். ஒன்பது பேர் எழும்பினார்கள். சிற்றம்பலத்தின் ஆறு பேரும், வேறு மூன்று பேரும். வயிறு சரியில்லை என்றார் ஒருவர். மற்றவர்கள் காரணம் சொல்லவும் மெனக்கெடவில்லை. தெருவிலே இருந்த கடைக்குப் போனார்கள்.

தவராசா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். நாகேஸ்வரி இலையில் போட்டது எல்லாவற்றையும் தின்றாள். ரசம் இரண்டாந்தரம் கேட்டு வாங்கினாள். கண் கலங்கியது. காரம் என்று பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொன்னாள்.

கொழும்பில் அந்த ஒன்பது பேரும் சாப்பாட்டுக் கடை தேடி அலைந்தார்கள். காலி வீதியில் பஸ் நிற்கவேயில்லை. வாழைப்பழத்தோடு சமாளித்தார்கள். சொந்தச் செலவு கட்டணத்தில் அடங்காது என்று பரமலிங்கம் கையை விரித்துவிட்டார். திசமகாராமையில் இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு பேர் வந்து பந்தியின் ஓரத்தில் இருந்தார்கள். கதிர்காமத்தில், மறுநாள் மத்தியானம், ஒன்பது பேரும் இருந்துவிட்டார்கள். அப்பளம் போதவில்லை என்று மட்டும் ஒருவர் குறைப்பட்டார்.

தவராசா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டான். எல்லாம் சரியாகிவிட்டதே என்று மடத்து வாசலில் அவளிடம் சொன்னான். நாகேஸ்வரிக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்களுடைய மனம் மாறவில்லை, பசித்தது, அவ்வளவுதான். மூன்று நாள் பசிக்குக் கரைகிற ஒன்றுக்காகவா அவள் புருஷனுடைய தகப்பன் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுடைய வீட்டுக்குள் போகாமல் முற்றத்தில் நின்றார்?

தீர்த்தத்தன்று மாணிக்க கங்கையில் இறங்கினார்கள். கூட்டத்தில் ஆர் ஆரோடு முட்டுகிறார் என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. நனைந்த சேலையோடு கோயில் வாசலில் நின்று நாகேஸ்வரி நெடுநேரம் கைகூப்பியபடி இருந்தாள். வெளியே வந்ததும், பிள்ளைக்கு என்ன கேட்டாய் என்றான் தவராசா.

"பிள்ளை எழும்பினதுக்கு நன்றி சொன்னன். வேறை ஒண்டும் கேக்கேல்லை. நடந்ததை எல்லாம் ஒண்டும் விடாமல் சொன்னனான்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பைப் பிழிந்து உதறிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.