குகையில் நாற்பத்தொரு பேர்

எங்கள் அலுவலகத்தில் எண்களுக்கு வாய் உண்டு. அது யார் பெயரைச் சொல்கிறதோ அவர் வீட்டுக்குப் போவார். எங்கள் போன் விளையாட்டுக்குப் பாட்டு போட்டவர் அப்படித்தான் போனார். அதனால்தான் முதல் பத்து நிமிடத்தில் ஆட்டக்காரர்கள் எங்கே கழன்றுகொள்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலையை முதலாளி என்னிடம் தந்தபோது தட்டிக்கழிக்கப் பார்த்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் பாதி என் அக்கா செய்தது.

அக்காவை இந்த அலுவலகத்துக்கு இழுத்து வந்ததே நான்தான். நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தாள். மாமாவுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. இங்கேயும் போய்விட்டால் அவர்கள் வீடு நடக்காது.

ஆட்டத்தின் ஆரம்பத்தைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்தேன். திறந்தார், கதை பார்த்தார், விளக்கை எடுத்தார், குகைக்குள் நுழைந்தார், குகையைத் தாண்டினார், பதிவுத் திரையைப் பார்த்தார் என்று வரிசையாகப் போகும். ஒவ்வொரு படியிலும் ஆட்டம் எங்களுக்கு ஒரு ஈவென்ட், அதாவது ஒரு சின்னக் குறிப்பு, அனுப்பும். எத்தனை பேர் அடுத்த படிக்கு வந்தார்கள் என்று எண்ணினால் ஆள் குறையும் இடம் தெரிந்துவிடும். விளக்கும் குகையும் அக்காவுடையவை. பெயர், போன் நம்பர் எல்லாம் கேட்கும் பதிவுத் திரை முதலாளியே ஆசைப்பட்டு வைத்தது. அதைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

முதல் வாரக் கணக்கு வந்தது. நூறு பேரில் நாற்பத்தொரு பேர் குகைக்குள் நுழைகிறார்கள், அதன்பின் அவர்களைப் பற்றிச் சத்தமே இல்லை. சுவரில் மாட்டியிருந்த பெரிய வரைபடத் திரையில் அந்த இடத்தில் மட்டும் கம்பம் பாதியாக விழுந்து கிடந்தது. அக்கா நம்பவில்லை. குகையில் யாரும் நிற்பதில்லை, தெரிந்தவர்களிடம் கொடுத்துப் பார்த்தேன், சிரித்துக்கொண்டே தாண்டிவிடுகிறார்கள் என்றாள். தெரிந்தவர்கள் உன் முகத்துக்காக விளையாடுவார்கள், எண் அப்படி முகம் பார்க்காது என்று நான் மேதாவித்தனமாகச் சொன்னேன். இன்று நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சரி என்று அவள் குகையை வெட்டினாள். ஐம்பது விநாடி எடுத்த இடம் இருபதாயிற்று. இருட்டைக் குறைத்தாள், வௌவால்களை எடுத்தாள். இப்படித் திருத்திய புதிய பில்டைப் புது ஆட்டக்காரர்களுக்கு விட்டோம். நாலு நாள் கழித்து நான் திரையைத் திறந்து பார்த்தேன். இப்போது கழன்றுகொள்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் குகைக்குள் நுழையவே இல்லை. விளக்கைக் கையில் எடுத்த இடத்திலேயே மறைந்துபோகிறார்கள். குகையைத் தொட்டதற்கு, அதற்கு முன்னால் இருந்த இடம் ஏன் கெட வேண்டும்?

முதலாளிக்கு அந்தக் கேள்வி எழவில்லை. இந்தம்மா கை வைக்கிற இடமெல்லாம் விழுகிறது என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை மதியம் பேசலாம் என்றார். பாட்டுக்காரரிடமும் இதையேதான் சொன்னார், அன்றும் வெள்ளிக்கிழமைதான். அக்கா அதற்குப் பிறகு என்னோடு சாப்பிட வரவில்லை.

வியாழக்கிழமை லிஃப்ட் பழுது பார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். உதிரி பாகம் வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார். சோதனைக்கு வைத்திருந்த போனை அவரிடம் நீட்டி, கொஞ்சம் விளையாடிப் பாருங்கள் என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். விளக்கை எடுத்தார். குகைக்குள் போனார். ஒரு கல்லில் முட்டிக்கொண்டு தானே சிரித்துக்கொண்டார். தாண்டி வெளியே வந்தார். பதிவுத் திரை வந்தது. நாலு விநாடி பார்த்தார், ஆட்டத்தை விரலால் மேலே தள்ளி மூடினார், போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"விளையாட வந்தவன்கிட்ட எதுக்கும்மா போன் நம்பர் கேக்குறீங்க?"

அவர் போனதும் அந்தப் போனின் அடையாள எண்ணைப் போட்டு அதன் வரிசையைத் தேடினேன். கடைசி ஈவென்ட்: விளக்கை எடுத்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. என் கண்ணெதிரே குகையைத் தாண்டிய மனிதர், எங்கள் கணக்கில் விளக்கைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நிற்கிறார்.

ஈவென்ட் அனுப்ப நான் எழுதியிருந்த நிரலைத் திறந்து முதலிலிருந்து படித்தேன். பிறகு புரிந்தது. ஈவென்ட்களை உடனுக்குடன் அனுப்பினால் பேட்டரி தின்னும் என்று, போனிலேயே சேர்த்து வைத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மொத்தமாக அனுப்பும்படி வைத்திருந்தேன். நடுவில் மூடிவிட்டால், மிச்சம் அடுத்த முறை திறக்கும்போது போய்ச் சேரும். திரும்பி வருகிறவர்களுக்கு அது சரி. வராமலே போகிறவருக்கு ஏது அடுத்த முறை? அவருடைய கடைசி நிமிடம் அவர் போனிலேயே செத்துப்போகும். யார் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனையும் வைத்தேன், போகிறவர்களின் கடைசி அடியை மட்டும் தொலைத்திருக்கிறேன். குகை சுருங்கியதும் அந்தத் தொலைந்த நிமிடம் குகையை முழுதாக விழுங்கி விளக்குவரை எட்டிவிட்டது. அவ்வளவுதான்.

நேராக முதலாளியிடம் போய்த் தப்பு என்னுடையது என்றேன். வெள்ளிக்கிழமைப் பேச்சைத் தள்ளிவைத்து, சரிசெய்ய மூன்று நாள் தரும்படி கேட்டேன்.  இது வேறு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

பன்னிரண்டு படிகளையும் அந்தந்த நொடியே அனுப்பும்படி மாற்றினேன். ஆட்டம் திரையை விட்டு விலகும்போதும் மிச்சத்தை அனுப்ப வைத்தேன். புதிய பில்ட் போயிற்று. மூன்றாம் நாள் காலை கணக்கு வந்தது. விளக்கில் இரண்டு பேர், குகையில் மூன்று பேர். பதிவுத் திரையைப் பார்த்ததோடு போனவர்கள் நூற்றுக்கு முப்பத்தெட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி அறைக்கு ஓடினேன்.

அவர் படத்தைக் கோபமில்லாமல் பார்த்தார். அதுதான் பயமாக இருந்தது.

"இந்தப் பதிவுத் திரைங்கிற படியக் கணக்குலேர்ந்து எடுத்துடுங்க. பதினோரு படி போதும்."

எடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் படி இல்லையென்றால், அங்கே விழுந்த முப்பத்தெட்டுப் பேரும் அதற்கு முந்தின படியில் விழுந்ததாகக் காட்டும். குகையைத் தாண்டியதுதான் அந்த முந்தின படி.

"எடுக்க மாட்டேன் சார். அது எங்க அக்கா தலையில விழும்."

"எடுக்கத் தெரிஞ்சவங்க வேற யாருமே இல்லையா என்ன?" என்றார், சிரித்தபடி.

மதியம் என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. மூன்று முறை அடித்துப் பார்த்தேன். நிமிர்ந்தபோது சுவர்த் திரை மாறியிருந்தது. பதினோரு கம்பங்கள். குகையைத் தாண்டிய இடத்தோடு ஆட்கள் சரிந்து கிடந்தார்கள். அக்கா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஏற்கெனவே கடிதம் கொடுத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் அதை நாலாக மடித்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தத் தொலைந்த நிமிடத்தையும் பூசி மெழுகாமல். கேட்டு முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"யாரோ லிஃப்ட் ரிப்பேர் பண்ண வந்தவர் பக்கத்துல உக்காந்து பாத்தியே. குகையில யாரும் நிக்கலன்னு நான் சொன்னப்போ, எங்கூட ஒரு தடவை உக்காந்து பாத்தியாடி?"

பார்க்கவில்லை என்றேன்.