பாதி வேகத்தில் மணி

பக்தி என்றால் மெதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆவுடைநாயகம் அண்ணாச்சிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. சொன்ன ஆள் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன்.

அண்ணாச்சி தென்காசியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைகளை எல்லாம் ஆண் அழகர்களாக ஆக்கிவிடும் கை அவருக்கு. 1964-ல் எங்கள் கோயிலைப் பற்றி ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்று அவரே வந்தார். கோயில் என்றால் எங்களுக்கு மாதா கோயில் இல்லை, சபைக் கோயில். அதன் குருவானவர் ஏசுதாசன் ஐயர். பெண்பிள்ளைகள் விடுதிக்குக் கூரை போட டிக்கெட் விற்றுப் படம் காட்டலாம் என்பது ஐயரின் யோசனை. நான் ஜெபமலர், பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், கோயிலில் பாடகர் குழுவை நடத்துகிறவள். பாட்டு சம்பந்தமாக என்ன வந்தாலும் என் தலையில்தான் விடியும்.

படம் பேசாத படம். சின்ன ரீல் காமிராவை மதுரையிலிருந்து வாடகைக்குக் கொண்டுவந்து எடுத்தார். ஓடும்போது பக்கத்தில் டேப் மெஷினில் விளக்கவுரையும் பாட்டும் ஓட வேண்டும். முதலில் அண்ணாச்சி செய்த வேலை, கடையிலிருந்து ஒரு ஞானப்பாட்டு இசைத்தட்டை வாங்கி வந்து அப்படியே டேப்பில் ஏற்றியது. கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது. ஆர்கனும் குரலும் சேர்ந்து வந்தபோது விடுதிப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

ஐயர் மட்டும் மூடவில்லை. "இது யாரு பாட்டு?" என்று கேட்டார்.

"சாமி பாட்டுதான ஐயா? சாமிக்கு யாரு கணக்குப் பார்க்கப் போறா?" என்றார் அண்ணாச்சி.

"பாட்டு பழசு. தட்டு புதுசு. வக்கீலைக் கேட்டுட்டு வாங்க."

ஆறுமுகநயினார் வக்கீல் எங்களை நிற்க வைத்தே பேசினார். அவருக்கு அப்படித்தான் பழக்கம்.

"பாட்டு வேற, தட்டு வேற. எழுதினவரு, ராகம் போட்டவரு ரெண்டு பேரும் செத்து அம்பது வருஷம் தாண்டிட்டா அந்தப் பாட்டை யாரும் பாடலாம். ஆனா தட்டு பதிஞ்ச கம்பெனிக்கு அந்தப் பதிவு மேல தனி உரிமை இருக்கு. அது பதிஞ்ச வருஷத்துல இருந்து அம்பது வருஷம். தட்டை விலை குடுத்து வாங்கிட்டா வீட்டுல கேக்கலாம். டேப்புல ஏத்தணும்னாலோ, டிக்கெட் போட்ட கூட்டத்துல ஓட்டணும்னாலோ எழுத்துல அனுமதி வேணும்."

"சர்ச்சுக்குத்தான வக்கீலய்யா?" என்றேன் நான்.

"ஆராதனைன்னா கதை வேற. டிக்கெட்டுன்னு சொல்லுதியேம்மா."

ஐயர் அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினார். பதில் வந்தது: அனுமதி உண்டு, ஒவ்வொரு ஊரில் காட்டும்போதும் கட்டணம். சுரண்டையிலும் வீரகேரளம்புதூரிலும் காட்ட வேண்டியிருந்ததால் அது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. "விலை கேட்கிறது அவங்க உரிமை, அவங்க மேல வருத்தமில்ல. திருட்டுப் பாட்டுல விடுதிக்குக் கூரை போடவும் எனக்கு மனசில்ல" என்று ஐயர் சொல்லி முடித்துவிட்டார்.

அண்ணாச்சி தளரவில்லை. மதுரையில் தெரிந்த சினிமாக்காரர் ஒருவரிடமிருந்து பின்னணி இசைத்தட்டு ஒன்றை வாங்கி வந்தார். ஒருமுறை விலை கொடுத்தால் போதும், பிறகு கட்டணமே இல்லை என்றார். வக்கீல் உறையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, ரேடியோவுக்கு மட்டும் அப்படி, டிக்கெட் படத்துக்கு இல்லை என்றார். அதோடு அந்த இசை எங்கள் படத்துக்குப் பொருந்தவும் இல்லை. வயலின்கள் அழுத அழுகையில் விடுதியே அநாதை இல்லம் மாதிரி தெரிந்தது.

கடைசியில் நானே பாடகர் குழுவை வைத்துப் பாட வைத்தேன். பாட்டின் வரிகள், ராகம் இரண்டுமே நூறு வருஷத்துப் பழசு. எங்கள் புத்தகத்தில் இருந்த நான்கு குரல் அமைப்பு மட்டும் உயிரோடிருக்கும் ஒருவர் செய்தது என்று முன்பக்கத்தில் போட்டிருந்தது. அதை விட்டுவிட்டு எல்லாரும் ஒரே குரலில் பாடினோம். ஹார்மோனியம் மெல்ல இழுத்தது. பாடினவர்கள் எல்லாரும் சம்மதம் சொன்னார்கள். இனி எவரும் காசு கேட்க முடியாது.

ஆனால் விளக்கவுரை வரும் இடங்களில் பாட்டு ஓடினால் வார்த்தை காதில் விழாது. அங்கே எதையாவது மெலிதாகப் போட வேண்டும். அண்ணாச்சி ஐந்தருவிக்குப் போய் அருவிச் சத்தத்தைப் பிடித்து வந்தார். டேப்பில் அது எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தமாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் கோயில் மணியைப் பதிந்தார். ஞாயிறு ஆராதனைக்குக் கூப்பிடுகிற மணி, சுறுசுறுப்பாக அடிக்கும். நம் கோயில் மணி, நாமே பதிந்தது, யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை. கேட்டுப் பார்த்தேன், நன்றாக இருந்தது. சரி என்றேன்.

எங்கள் ஊரில் மணிக்கு இன்னொரு பாஷையும் உண்டு. யாராவது இறந்தால் ஒரு அடி, அது முழுக்க ஓயும் வரை நிறுத்தம், மறுபடி ஒரு அடி. சாவுச் செய்தியை வாயால் சொல்லும் முன் மணிதான் சொல்ல வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதைக் கேட்டதும் எங்கே உட்கார்ந்திருந்தாலும் எழுந்து நிற்போம். களத்தில் நெல் தூற்றுகிற பெண்கள்கூட முறத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். இதெல்லாம் அண்ணாச்சிக்குத் தெரியாது. அவர் சிவன் கோயில் பக்கத்து ஆள், எங்கள் சபை இல்லை. நாங்களும் சொல்லவில்லை, கேட்டால்தானே சொல்ல.

படம் காட்டுகிற வாரத்தில் ஐயருக்கு வயிற்றில் கட்டி என்று பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். காட்சி அன்றைக்குத்தான் ஆப்பரேஷன். தள்ளிப் போடலாம் என்றோம். அவர் கேட்கவில்லை. "டிக்கெட் வித்தாச்சு, நடத்துங்க. ஜெபமலர், ஐயரம்மாவை உன் பக்கத்துலயே வெச்சுக்கோ. அவளுக்கு நெஞ்சு பலமில்ல" என்றார். ஐயரின் மனைவி ஞானபாக்கியம் அம்மாளை ஆஸ்பத்திரியில் நிற்கவிடாமல் அவர்தான் துரத்திவிட்டார். அந்த ஒரு வேலையைத்தான் எனக்குக் கொடுத்தார். அதை நான் ஒழுங்காகச் செய்யத்தான் நினைத்தேன்.

சாயங்காலம் கோயிலை ஒட்டிய கூடத்தில் உட்கார இடமில்லை. ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டி இருட்டாக்கியிருந்தோம். முன்வரிசையில் ஐயரம்மாவும் நானும். விடுதிப் பிள்ளைகள் அருவிக்கரையில் துணி துவைக்கிற காட்சியில் கூடம் சிரித்தது. எங்கள் பாட்டு வந்தபோது யாரும் இருமக்கூட இல்லை. ஐயரம்மா என் கையைப் பிடித்து, "நல்லாருக்குட்டி" என்றார். பெருமையாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

அடுத்து ஐயர் வந்தார். திரை முழுக்க அவர் முகம். மரத்தடியில் உட்கார்ந்து வேதம் வாசிக்கிறார். விளக்கவுரை, "இவரே எங்கள் மேய்ப்பர்" என்று சொல்லி நின்றது. மணி வந்தது.

ஒரு அடி. அடிவயிற்றிலிருந்து வருகிற கனத்த நாதம். அது சீக்கிரம் ஓயவில்லை, இழுத்துக்கொண்டே போனது. பிறகு ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு அடி.

எங்கள் மணிதான். ஆனால் நான் கேட்ட மணி இல்லை.

பின்னால் பெஞ்சுகள் நகர்ந்தன. ஒருவர் பின் ஒருவராகக் கூடமே எழுந்து நின்றது. பெண்கள் முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போட்டார்கள். திரையில் ஐயர் பக்கத்தைப் புரட்டினார்.

ஐயரம்மா எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பி, யாரிடமோ நேரம் விசாரிக்கிற மாதிரி, "எப்பம்?" என்று கேட்டார். அப்படியே என் மடியில் சரிந்தார்.

யாரோ ஓலமிடத் தொடங்கினார்கள். நான் கத்திய கத்தலில் அண்ணாச்சி மெஷினை நிறுத்தினார். விளக்கைப் போட்டார்கள்.

"என்ன செஞ்சீரு?" என்றேன்.

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "டீச்சர், ஒண்ணும் செய்யலை. அந்த மணி படபடன்னு அடிச்சுது, ஐயா முகத்துக்கு ஒட்டலை. காலைல மெஷின்ல பாதி வேகத்துல ஓட்டிப் பதிஞ்சேன். பாதி வேகத்துல ஓட்டினா சத்தம் இறங்கும், இழுக்கும். பக்தியா இருந்துச்சு. அவ்வளவுதான்."

பக்தியாம். சட்டத்துக்குப் பயந்து வக்கீல் வாசலில் நின்ற நாங்கள், யாருக்கும் பாக்கி வைக்காத ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தோம், அது ஐயரைச் சாகடித்துவிட்டது. அண்ணாச்சியை ஏச ஏச எனக்கு அழுகைதான் வந்தது.

தண்ணீர் தெளித்ததும் ஐயரம்மா கண் திறந்தார். நான் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒண்ணும் இல்லம்மா. டேப்பு. மெஷின்ல மெதுவா ஓடிட்டு. ஐயா நல்லாருக்காங்க" என்றேன். நம்பாமல் பார்த்தார். அண்ணாச்சியே வந்து காலடியில் உட்கார்ந்து கும்பிட்டார். "என் தப்பு தாயி. வெறும் டேப்பு." அவரைப் பார்த்ததும் ஐயரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன மனுசனய்யா நீரு" என்றார். பயந்த கூட்டத்துக்கு அந்தச் சிரிப்பு போதும். எல்லாரும் உட்கார்ந்தார்கள். சிலர் அண்ணாச்சியைக் கேலி செய்தார்கள். "அந்தத் துண்டை விட்டுட்டுப் பாட்டை மட்டும் போடுங்க" என்றேன். அவர் டேப்பைத் தள்ளிவைத்துச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

அப்போது மணி கேட்டது.

ஒரு அடி. நிறுத்தம்.

"போதும்வே, விளையாடாதீரும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கூடம் சிரித்தது. இன்னொரு அடி. "ஏ ஆவுடைநாயகம், மெஷினை அணையும்."

அண்ணாச்சி இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். மெஷினில் டேப்பே இல்லை. அது அவர் கையில் இருந்தது. சுருள் மாட்டுகிற தட்டு இரண்டும் காலியாக நின்றன. சத்தம் ஜன்னலுக்கு வெளியிலிருந்து, கோபுரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. மணியடிக்கிற அய்யாக்குட்டி கூடத்துக்கு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோயிலுக்கு எதிர்வீட்டு டாக்டரிடம்தான் போன் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எந்தச் செய்தியும் அங்கேதான் வரும்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இன்னும் சிரித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

ஐயரம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "இதுவும் டேப்புதானட்டி, ஜெபமலர்?"

நான் எழுந்து நின்றேன்.