தம்பி மாறிய தேதி

அப்பா போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. உயில் எழுதி வைக்கவில்லை. தன் சம்பாத்தியத்தில் கட்டிய இரண்டு மாடி வீடு. அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள். மிஞ்சியது நானும் தங்கையும் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். பத்தொன்பது வருடங்களுக்கு முன் மதம் மாறினான். நான்கு வருடங்களுக்கு முன் செத்தும் போனான். அவன் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை. நான்தான் அந்த வழக்கத்தை வைத்தேன்.

வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டபோது தம்பியின் பெண் ஆட்சேபம் தாக்கல் செய்தாள். அவளுக்கும் பங்கு உண்டாம். விவகாரம் சிவில் கோர்ட்டுக்குப் போனது. நான் முதல் பிரதிவாதி. முப்பத்தைந்து வருடம் குடிநீர் அலுவலகத்தில் ஒரு விசாரணைக்கும் ஆளாகாமல் ஓய்வு பெற்றவனுக்கு இந்த வயதில் கிடைத்த பதவி.

தங்கையின் கணவர் குதூகலமாக இருந்தார்.

"மச்சான், நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தா போதும். சும்மா இருக்கறதுக்கும் கூலி கிடைக்கற வேலை இது ஒண்ணுதான்" என்று சிரித்தார்.

"தெளிவாச் சொல்லுங்க மாப்பிள்ளை."

அவர் ஒரு பழைய தீர்ப்பின் நகலை மேசையில் விரித்தார். தம்பியின் மனைவி வாங்கிய விவாகரத்து. கணவன் மதம் மாறியதே காரணம். மாறிய தேதி: பிப்ரவரி பத்து. தம்பியின் பெண் பிறந்தது அதே வருடம் ஏப்ரலில்.

"மாறினப்புறம் பொறந்த பிள்ளை. பழைய மதத்துச் சொந்தக்காரங்க சொத்துல கை வைக்க முடியாது. சட்டமே சொல்லுது. சாட்சி யாரு தெரியுமா? நீங்கதான்!"

என்னால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். வெக்கையாக இருந்ததால் மறுபடி திறந்தேன்.

"ஏன் அண்ணா, உடம்பு சரியில்லையா?" என்றாள் தங்கை.

"எனக்கென்ன" என்றேன்.

மறுநாள் என் வக்கீலிடம் போனேன். அன்று விவாகரத்து மனு எழுதியவரும் அவர்தான். இப்போது காது மந்தம். அதனால் எதிரில் இருப்பவருக்கும் காது கேட்காது என்று நினைத்துப் பேசுவார். வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரும் எங்கள் குடும்பக் கதையை இலவசமாகக் கேட்டார்கள்.

"உங்க தம்பி உசிரோட இருந்திருந்தா அவர் பங்கு அவருக்கு! மதம் மாறினதால மகனோட உரிமை போகாது!"

"மெதுவாப் பேசுங்க."

"என்ன? ஆங், மெதுவாத்தான் பேசறேன். அவர் மாறினதுக்கு முன்னால பொறந்த குழந்தைக்கும் தடை கிடையாது. அந்தக் குழந்தை இப்ப எந்த மதத்துல இருந்தாலும் சரி. மாறினதுக்கு அப்புறம் பொறந்ததுக்குத்தான் தடை. அதுவும் உங்கப்பா சாகும்போது அந்தப் பிள்ளை நம்ம மதத்துல இருந்திருந்தா அந்தத் தடையும் இல்ல. இந்தப் பொண்ணு அப்பாவோட மதத்துல வளர்ந்தவ. அதனால எல்லாம் தேதியிலதான் நிக்குது."

"அவ அம்மா?"

"அவங்க மனைவியா இருந்திருந்தா, மகனோட விதவைன்னு உள்ள வந்திருப்பாங்க. பொண்ணுக்குத் தடை இருந்தாலும் அந்தக் கிளைக்கு ஒரு பங்கு நின்னிருக்கும். நீங்கதான் பிடிச்சு விவாகரத்து வாங்கிக் கொடுத்துட்டீங்களே!"

வாங்கிக் கொடுத்தது உண்மை. எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள், மாறிப்போனவனின் மனைவி என்று ஊரில் அழைக்கப்படக் கூடாது என்பது என் எண்ணம். மதம் மாறியதால் மட்டும் கல்யாணம் தானாக முறியாது என்று இதே வக்கீல் அன்றும் கத்தினார். மாறாதவர் கேட்டால் கோர்ட் பிரித்துவைக்கும், மாறியவர் தன் மாற்றத்தையே காரணமாகக் காட்டிக் கேட்க முடியாது என்றார். ஆகவே அவள்தான் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு வருடம் அவள் அண்ணன் வீட்டுக்கு நடையாய் நடந்து அவளைக் கேட்கவைத்தேன். தம்பி கோர்ட்டுக்கே வரவில்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானது.

தம்பியின் மனைவியாக இருந்தவள் மூன்றாம் நாள் வந்தாள். தையல் கூடத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், புடவையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் மாமா. எனக்கு எதுவும் கிடையாதுன்னும் தெரியும். கையெழுத்துப் போட்டவ நான். அவளோடதை ஏன் எடுக்கறீங்க?"

"சட்டம் எடுக்குது. நான் எடுக்கல."

"அந்தத் தேதியைச் சட்டமா எழுதிச்சு?"

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"வக்கீல் ஆபீஸ்ல அன்னிக்கே சொன்னேன். பிப்ரவரி பத்துல அவர் மாறல, வீட்டை விட்டு வந்தாருன்னு. நான் எட்டு மாசக் கர்ப்பம், வாசல்ல நின்னுட்டிருந்தேன். நீங்க அவர் பெட்டியைத் தூக்கித் தெருவுல வச்சீங்க. 'மாறப்போறேன்'னுதான் சொன்னாரு. மாறினது இவ பொறந்து எத்தனையோ மாசம் கழிச்சு. அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'எங்களைப் பொறுத்தவரை அவன் போன நாள்தான் அவன் மாறின நாள்' என்றேன். வக்கீலின் குமாஸ்தா அதை அப்படியே எழுதிக்கொண்டார். சரியான தேதியைக் கேட்க வேண்டுமானால் அவர்கள் தொழுமிடத்துக்குப் போய் நிற்க வேண்டும். என் கால் அந்தப் படியில் படாது என்று சபதம் போட்டிருந்தேன். அலுவலகத்தில் ஒரு குழாயின் நீளத்தைக்கூட நேரில் அளக்காமல் எழுதாதவன், தம்பியின் வாழ்க்கையில் ஒரு தேதியைக் கோபத்தில் எழுதிச் சத்தியமும் செய்தேன்.

"பதிவேடு இருக்கும். என் கையில தர மாட்டேங்கறாங்க. நான் அவர் மனைவி இல்லையாம்" என்றாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள், மெதுவாகத்தான்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. காலை நடைக்குப் போனால் வழி தவறி வேறு தெருவில் நின்றேன். மூன்றாம் நாள் அந்தத் தொழுமிடத்தைச் சுற்றி நான்கு தடவை நடந்தேன். எதிர்க்கடைக்காரர், "யாரைத் தேடறீங்க ஐயா?" என்று கேட்டுவிட்டார். அவருக்குப் பதில் சொல்லக் கூச்சப்பட்டே உள்ளே நுழைந்தேன்.

பதிவேடு வைத்திருந்தவர் ஒல்லியான கிழவர். நான் யாரென்று சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

"அண்ணனா? மூக்கு சொல்லுது" என்றார். "சாவுக்கு வரலையே."

"வரல."

தடித்த புத்தகத்தை எடுத்துத் துடைத்து, விரலை நக்கி நக்கிப் புரட்டினார். செப்டம்பர் பதினெட்டு. என் தம்பியின் பெயர், அவன் கையெழுத்து. அவன் 'ர' எப்போதும் வாலை இழுத்துப் போடுவான், பள்ளியில் அதற்காக நானே அடித்திருக்கிறேன். அடுத்த வரியில் ஒரு பெண் குழந்தை. வயது ஐந்து மாதம். தகப்பனோடு சேர்த்துக்கொள்ளப்பட்டது.

"இடுப்புல தூக்கிட்டு வந்தான். பாதியில அழுதுச்சு. அவனே வெளிய போய் ஆட்டித் தூங்க வச்சுட்டு வந்தான்" என்றார் கிழவர்.

நகல் கேட்டேன். விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார். உறவு என்ற இடத்தில் 'உடன்பிறந்த அண்ணன்' என்று எழுதினேன். அந்தச் சொல்லை எழுதிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது.

தங்கையும் மாப்பிள்ளையும் அன்று மாலையே வந்துவிட்டார்கள். வக்கீல் தொலைபேசியில் பேசினால் தெருவே கேட்கும், இவர்களுக்குக் கேட்காமலா போகும்?

"மச்சான், நீங்க பொய் சொல்ல வேண்டாம். நான் அப்படிக் கேட்பேனா? கூண்டுல ஏறாதீங்க, அவ்வளவுதான். தீர்ப்பு பேசட்டும்."

"தீர்ப்புல பேசறது என் வாய்தானே மாப்பிள்ளை."

"அன்னிக்குச் சத்தியம் பண்ணிச் சொன்னது தப்புன்னு நாலு பேர் முன்னால சொல்லப் போறீங்களா? மானம் மானம்னு எங்களை உருட்டினவர் நீங்க!"

தங்கை அழுதாள். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு அண்ணா. அவன்தானே நம்மளை விட்டுப் போனான்?"

"அவன் போகல. நான் பெட்டியைத் தூக்கி வச்சேன்."

"அப்ப அவன் மாறினது சரின்னு சொல்றியா?"

"சொல்லல. சாகறவரைக்கும் சொல்ல மாட்டேன். அது வேற. இது அவன் பொறந்த வீட்டுல அவன் பிள்ளைக்கு உள்ள பங்கு. நான் தப்பா எழுதின தேதியை வச்சு அதை வாங்கிச் சாப்பிட்டா, இந்த வீட்டுல மானம்னு எதைக் காப்பாத்தறது?"

மாப்பிள்ளை செருப்பைப் போட்டுக்கொண்டே, "பாதியா வர்றது மூணுல ஒண்ணாப் போகுது. கணக்குத் தெரிஞ்ச மனுஷன்னு நினைச்சேன்" என்றார்.

கூண்டில் ஏறினேன். நீதிபதி என் மகள் வயதுப் பெண். உட்காரலாம் என்றார். நின்றேன்.

தங்கை தரப்பு வக்கீல் பழைய வாக்குமூலத்தை என் கையில் கொடுத்தார்.

"இதுல இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதான்."

"பிப்ரவரி பத்துல உங்க தம்பி மதம் மாறினாருன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"ஆமா. தப்பு. அன்னிக்கு நான் அவனை வீட்டை விட்டு அனுப்பினேன். மாறினது செப்டம்பர்ல. பதிவேட்டு நகல் கொடுத்திருக்கேன்."

"அப்படின்னா அன்னிக்குக் கோர்ட்டுல பொய் சொன்னீங்க?"

என் வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார். நான் கையால் நிறுத்தினேன்.

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அதுக்கு என்ன பேரோ அதைப் போட்டுக்குங்க."

பின்வரிசையில் யாரோ கனைத்தார்கள். தங்கை தலை குனிந்திருந்தாள். நான் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நீதிபதி தட்டச்சரிடம் திரும்பி, நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் பதியவைத்தார். விவாகரத்துத் தீர்ப்பு கல்யாணத்தை முடித்ததோடு சரி, அந்த வழக்கில் ஒரு தரப்பாக இல்லாத பெண்ணை அதிலுள்ள தேதி கட்டுப்படுத்தாது என்று தம்பி பெண்ணின் வக்கீல் வாதாடினார். ஆறு வாரம் கழித்து அப்படியே தீர்ப்பு வந்தது. மூவருக்கும் சம பங்கு. தங்கை மேல்முறையீட்டுக்குப் போகப்போவதாக மாப்பிள்ளை வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, அவளை இழுத்துக்கொண்டு போனார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் தூண் ஓரமாகத் தனியாக நின்றிருந்தாள். அம்மாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லையாம். எங்கள் மூக்கு அவளுக்கும் இருந்தது.

"பெரியப்பா" என்றாள். அந்தச் சொல்லை அவள் சொல்லி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டேன்.

"அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப உங்களுக்கு ஆள் அனுப்பினேன். சேதி வந்ததா?"

"வந்தது."

"உங்களுக்குக் கிடைக்கலன்னு அப்பாகிட்ட சொல்லியிருந்தேன். சேதி போய்ச் சேரலன்னு."

அவள் காகிதங்களைப் பைக்குள் வைத்து மூடினாள். வீட்டை அளக்க எப்போது வரலாம் என்று கேட்டாள். எப்போது வேண்டுமானாலும் வரலாம், அது அவள் வீடும்தான் என்றேன்.

"அளக்க ஆள் வர்ற அன்னிக்கே வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

நான் இன்னும் சற்று நேரம் அந்த வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.