பரண் சாவி

அவளுக்கு வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, யாரும் கூப்பிடுவதில்லை. ஒயரின் தோல் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கும் மெகர் மீட்டர் எப்போதும் தோளில் தொங்குவதால் அவள் 'மெகர்' ஆகிவிட்டாள். அண்ணி என்று கூப்பிடுகிறவள் ஒருத்திதான், நாத்தனார். "கம்பி இழுக்கிறவளையா கட்டிக்கப்போற?" என்று அண்ணனிடம் அன்றைக்கு மூக்கைச் சுளித்தவளும் அவளேதான். இன்றைக்குக் காலையில் போன் போட்டு அழுதாள்.

"அண்ணி, நீங்க உடனே வரணும். இன்னிக்குள்ள தையல நிறுத்து, இல்லன்னா வீட்டக் காலி பண்ணுங்கறாரு வீட்டுக்காரரு."

மெகர் போனாள். கீழ்வீட்டில் நாத்தனார் குடியிருந்துகொண்டு முன்னறையில் தையல் கடை நடத்துகிறாள். மாடியில் வீட்டுக்காரர். கீழ்வீட்டின் பிரேக்கர் சில காலைகளில் படீரென்று விழும். தூக்கிவிட்டால் நிற்கும், மறுபடி விழும். முந்தின நாள் கருகிய வாசனை வேறு. வீட்டுக்காரர் பயந்துவிட்டார். பயந்ததில் தப்பில்லை, அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு.

"எல்லாம் இந்த அயர்ன் பாக்ஸ்தாம்மா. அவங்க தேய்க்கிற நேரத்துலதான் விழுது" என்றார் வீட்டுக்காரர். "போதாக்குறைக்கு எலி வேற. துணி வெட்டித் துணி வெட்டிப் போட்டா எலி வராம என்ன பண்ணும்? அது ஒயரக் கடிச்சு வச்சிருக்கும்."

"அயர்ன் பாக்ஸா, எலியா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க சார்."

"ரெண்டும் இவங்களோடதுதான்!"

நாத்தனாரின் முகம் சுருங்கியது. தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள் தேய்ப்பதற்காகக் குவிந்து கிடந்தன. இந்த அறை போனால் அவளுக்குப் பிழைப்பே போனது மாதிரி.

"நான் என் சொந்தக்காரிக்குப் பரிஞ்சு பேசறேன்னு உங்களுக்குத் தோணும்" என்றாள் மெகர். "அதனால மீட்டர நீங்களே பாருங்க. நான் வாயே திறக்கல."

அது பொய். வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

மாடிப்படிக்குக் கீழே இருந்த பொது மெயினை அணைத்தாள். மொத்த வீட்டையும் அணைத்துவிட்டுத்தான் எதையும் தொடுவாள், அது அவள் கொள்கை. டெஸ்டரை வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்தாள். அயர்ன் பாக்ஸை முதலில் சோதித்தாள். ஒரு குறையும் இல்லை. பிறகு அந்த லைனில் செருகியிருந்த பிளக்குகளை எல்லாம் பிடுங்கி, பிரேக்கர் பெட்டியில் அந்த லைனின் மூன்று ஒயரையும் கழற்றித் தனித்தனியாக விட்டாள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில், பிறகு ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் நடுவில், ஐந்நூறு வோல்ட்டில் மீட்டர் பட்டனை அழுத்தினாள்.

எண் உச்சியில் போய் நின்றது. மூன்று முறையும். தோலில் கீறல்கூட இல்லாத ஒயர் காட்டுகிற எண்.

"அப்ப ஒயர் நல்லாத்தானே இருக்கு?" என்றார் வீட்டுக்காரர். "நான் சொன்னது சரியாப் போச்சு. அயர்ன் பாக்ஸ்தான்."

நாத்தனார் சீருடைகளை மூட்டை கட்ட ஆரம்பித்தாள். மெகருக்குச் சுருக்கென்றது. நான் வந்ததால் இவளுக்கு உபகாரமா, உபத்திரவமா? ஒரு நிமிடம் நிஜமாகவே தடுமாறினாள்.

அப்போது மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா குரல் கொடுத்தார். "இன்னும் எவ்வளவு நேரம்? வாஷிங் மெஷின் பாதியில நின்னுபோச்சு. துணியெல்லாம் தண்ணிக்குள்ள ஊறிக் கிடக்கு!"

மெகர் கூரையைப் பார்த்தாள்.

"மெஷின் எங்கம்மா இருக்கு?"

"கீழ்வீட்டு நடைக்கு நேர் மேலதான்."

"தினமும் துவைப்பீங்களா?"

"துணி சேர்ந்தாத்தான். காலையில போட்டுடுவேன்."

மெகர் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். மொத்த வீட்டையும் அணைத்தது பத்திரம்தான். ஆனால் திருடன் வருகிற வாசலையும் அதோடு சேர்த்து அடைத்துவிட்டுத் திருடனைத் தேடியிருக்கிறாள்!

கீழ்வீட்டைத் தனியாகத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்சை மட்டும் அணைத்துப் பூட்டுப் போட்டாள். பொது மெயினைப் போட்டு மாடிக்கு மின்சாரம் கொடுத்தாள். கீழே எதுவும் இல்லை என்று மறுபடியும் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். கழற்றிய ஒயர்கள் கழற்றியபடியே இருந்தன.

"மீட்டர் பட்டன நீங்களே அழுத்துங்க சார். அம்மா, மெஷினப் போடுங்க!"

மெஷின் பிழிய ஆரம்பித்ததும் கூரை லேசாக அதிர்ந்தது. வீட்டுக்காரர் அழுத்திக்கொண்டிருந்த மீட்டரில் எண் தொபுக்கென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது.

"ஃபேஸும் நியூட்ரலும் எங்கயோ ஒட்டி ஒட்டிப் பிரியுது" என்றாள் மெகர். "அயர்ன் பாக்ஸ் அங்க மேஜை மேல கிடக்கு, பாத்துக்குங்க."

இனி இடத்தைப் பிடிக்க வேண்டும். லைன் பிரேக்கர் பெட்டியிலிருந்து தையல் அறை போர்டுக்கு வந்து, அங்கிருந்து சமையலறை போர்டுக்குப் போகிறது. தையல் அறையில் அதை இரண்டாகப் பிரித்தாள். முதல் துண்டில், மெஷின் ஆடியபோதும் எண் அசையவில்லை. இரண்டாவது துண்டில் விழுந்து விழுந்து எழுந்தது. பாதி வீடு விடுதலை. சமையலறை முனையிலும் ஒயரைக் கழற்றினாள். அங்கே ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிட்டு, தையல் அறைக்கு வந்து கம்பி அறுபடாமல் வருகிறதா என்று பார்த்தாள். மீட்டர் விடாமல் கீச்சிட்டது. ஒயர் அறுந்துபோகவில்லை, தோல்தான் போயிருக்கிறது. முறுக்கைப் பிரித்ததும் மீட்டர் மெஷினின் தாளத்துக்கு விட்டுவிட்டுக் கீச்சிட்டது.

"இந்த ரெண்டு போர்டுக்கும் நடுவுல பைப் எப்படிப் போகுது சார்? நீங்கதானே நின்னு கட்டினீங்க."

வீட்டுக்காரர் தாடையைத் தடவினார். "மேல ஏறி... பரணுக்குள்ள ஒரு பெட்டி. அங்கிருந்து இறங்குது."

நடைக்கு மேலே இருந்த அந்தப் பரண் பூட்டிக் கிடந்தது. உள்ளே அவருடைய சாமான். கீழ்வீட்டார் தொடக்கூடாது என்று குடிவந்த அன்றே சொல்லிவிட்டார், சாவியும் அவரிடம்தான். இப்போது அவரே போய் எடுத்துவந்தார்.

மெகர் ஏணியில் ஏறினாள். ஒரு கோணிப்பைக்குப் பின்னால் சுவரோடு அந்தப் பெட்டி, மூடி இல்லாமல். டெஸ்டரை வைத்தாள், மின்சாரம் இல்லை. உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. பிளாஸ்டிக் குச்சியால் ஒயரை லேசாகத் தள்ளினாள், கீழே மீட்டர் விடாமல் கீச்சிட்டது. விட்டாள், மறுபடி மெஷினின் தாளத்துக்குப் போனது.

"வாங்க சார், எட்டிப் பாருங்க. செம்பு பளபளன்னு பல்லக் காட்டுது. நுனியில கருகல். நேத்து வந்த வாசனை இதுதான்."

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கூட்டிலிருந்து ஒரு துணித் துண்டை உருவி, கொடி மாதிரி உயர்த்திப் பிடித்தார். "இதோ! எலி கடிச்சதுன்னு நான் சொன்னேனா இல்லையா? துணி! இது யாரு வெட்டின துணி?"

நாத்தனார் அதைக் கையில் வாங்கினாள். ஓரத்தைப் பார்த்தாள். "நான் வெட்டினதுதான்" என்றாள் மெதுவாக.

அதற்குள் வீட்டுக்காரம்மா படியிறங்கி வந்து அந்தத் துண்டைப் பார்த்தார்.

"இது நம்ம ஜன்னல் திரைச்சீலைங்க! இவதான் தைச்சுக் கொடுத்தா. தையக்காரங்க துணிய அமுக்கிடுவாங்க, ஒரு துண்டு விடாம திருப்பி வாங்கிட்டு வான்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தக் கோணிப்பையில போட்டு இங்க வச்சதும் நீங்கதான்."

மேலே மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

மெகருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கி வேலையில் காட்டினாள். போர்டுக்குப் போர்டு புது ஒயர் இழுத்து, பெட்டிக்கு மூடி போட்டு, எலி நுழைந்த ஓட்டையைச் சிமெண்டால் அடைத்தாள். ஒயர்களைச் சேர்ப்பதற்கு முன் மறுபடி மெஷினைப் போடச் சொன்னாள். கூரை அதிர்ந்தது. மீட்டரை வீட்டுக்காரர்தான் அழுத்தினார். எண் உச்சியில் ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அவர் நம்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தினார்.

மின்சாரம் வந்தது. மேலே மெஷின் சுற்றச் சுற்ற, நாத்தனார் மூட்டையை அவிழ்த்து ஒரு சீருடையை விரித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். பிரேக்கர் விழவில்லை.

வீட்டுக்காரர் வாசல் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். பரண் சாவியைத் தையல் மேஜை மேல் வைத்தார்.

"இது... உங்ககிட்டயே இருக்கட்டும். கோணிப்பைய நாளைக்கு எடுத்துக்கறேன். உள்ள ஏதாவது ஓடினா, ஒரு குரல் கொடுங்க."

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போகும்வரை குனிந்தே தேய்த்தாள். பிறகு மெகரின் கரி படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அன்னிக்கு நான் அண்ணன்கிட்ட..."

"கைய விடு, சட்டை கருகுது" என்றாள் மெகர்.