‘தெரிந்தவர்’ என்ற கட்டம்

“உங்க பேரு, ஏஜென்சி பேரு, அடையாள அட்டை நம்பரு, மூணையும் சொல்லுங்க. எழுதிக்கறேன்.” போனில் மிரட்டிய கடன் வசூல்காரனிடம் கேட்டாள் கலைமதி.

“பெரிய வக்கீலு! ரெண்டு தவணை நிக்குதும்மா.”

“பத்தாம் தேதி கட்டறேன்னு பேங்குக்கு எழுதிக் குடுத்துட்டேங்க. விதிப்படி காலைல எட்டுலருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் கூப்பிடுங்க, பேசறேன். இப்ப மணி ஏழே முக்கால்.”

“ஜாமீன் போட்ட உங்கக்காவ மத்தியானமே கேட்டாச்சு, நல்லா கேட்டாச்சு!”

நோட்டில் எழுதிக்கொண்டிருந்த கலைமதியின் கை நின்றது. பொம்மிடியில் தனியாகத் தையல் கடை நடத்தும் அவளுக்கு யாரும் ஜாமீன் போடவில்லை. கடன் விண்ணப்பத்தில் ‘தெரிந்தவர்’ என்ற கட்டத்தில் எழுத வேறு ஆளில்லாமல், இண்டூரில் இருக்கும் அக்கா வளர்மதியின் எண்ணை எழுதியிருந்தாள். அதை அக்காவிடம் சொல்லவில்லை.

“அவங்க ஜாமீன் இல்லீங்க. என் கடனப் பத்தி அவங்ககிட்ட பேசினது தப்பு. பேங்குல புகார் குடுக்கறேன்.”

குரலை உயர்த்தாமல் சொன்னாள். எதிர்முனையில் இணைப்பு அறுந்தது. நோட்டில் நேரத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு அக்காவை அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்றாம் முறை அழைப்பை வெட்டிவிட்டாள் அக்கா.

அளவெடுக்கும் நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே குரல் செய்தி அனுப்பினாள்.

“அக்கா, உன்ன ஜாமீனா போடல. தெரிஞ்சவங்கன்னு கேட்டாங்க, எனக்கு உன்ன விட்டா யாரு? சொல்லாம எழுதினது என் தப்புதான். அவன் எந்த நம்பர்லருந்து பேசினான், என்ன சொன்னான், அத மட்டும் அனுப்புக்கா. புகாருக்கு வேணும். இல்லாட்டி, சும்மா ஒரு தடவ போன எடுக்கா.”

செய்தியின் கீழே இரண்டு நீலக் குறிகள் விழுந்தன; அக்கா அதைத் திறந்துவிட்டாள்.